எக்ஸெல் காட்டாத கடைசி இலக்கம்

எக்ஸெல்லைத் திறந்து ஏதாவது ஒரு காலி செல்லில் கீழே உள்ளதை டைப் செய்து என்டர் தட்டுங்கள். 7-ஐ இருபது முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் என்ன வரும் என்று கேட்கிறோம். கணக்குப் புத்தகத்தில் 7-க்கு மேலே சின்னதாக 20 என்று போடுவார்களே, அதைத்தான் கம்ப்யூட்டரில் ^ என்ற குறியால் எழுதுகிறோம்.

```
=7^20
```

7.97923E+16 என்பது போன்ற ஒரு விடை வரும். இது சுருக்கி எழுதிய வடிவம். முழு எண்ணையும் பார்க்க அந்த செல்லைத் தேர்வு செய்து Ctrl + 1 அழுத்துங்கள். Format Cells என்ற கட்டம் திறக்கும். அதில் Number என்பதைத் தேர்ந்தெடுத்து, Decimal places என்ற இடத்தில் 0 கொடுத்து OK கிளிக் செய்யுங்கள். செல்லில் ##### என்று வந்தால் பயப்பட வேண்டாம். இடம் போதவில்லை என்றுதான் அர்த்தம். காலத்தின் தலைப்பில் உள்ள வலது எல்லைக் கோட்டின் மேல் இரண்டு முறை கிளிக் செய்தால் அகலம் சரியாகிவிடும்.

இப்போது 79792266297612000 என்று தெரியும். பார்க்க மிகத் துல்லியமான விடை போல இருக்கிறது. ஆனால் இது தவறு. தவறு என்று தெரிந்துகொள்ள வேறு கருவி எதுவும் தேவையில்லை. 7 ஒற்றைப்படை எண். ஒற்றைப்படை எண்ணை ஒற்றைப்படை எண்ணால் எத்தனை முறை பெருக்கினாலும் ஒற்றைப்படை எண்தான் வரும். அது 0-வில் எப்படி முடியும்? சரியான விடை 79792266297612001. கடைசியில் இருந்த 1 காணாமல் போய்விட்டது.

பெரிய அடுக்கு எண்களின் கடைசி இலக்கத்தைப் பேப்பரும் பென்சிலும் கூட இல்லாமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். அதற்கு முன் அந்த 1 எங்கே போனது என்று பார்த்துவிடுவோம்.

15 இலக்கம்தான் எல்லை

எக்ஸெல் ஒவ்வொரு எண்ணையும் வைத்துக்கொள்ள ஒரே அளவு இடத்தைத்தான் ஒதுக்குகிறது. அந்த இடத்தில் 15 இலக்கங்கள் வரை நம்பி வைக்கலாம். அதற்கு மேல் போனால் முன்பக்க இலக்கங்களை வைத்துக்கொண்டு, பின்பக்கத்தை 0 போட்டு நிரப்பிவிடும். அறிவியல் கணக்குகளுக்கு இது போதும். ஆனால் கடைசி இலக்கம் வேண்டும் என்று கேட்பவருக்கு, எதைக் கேட்டாரோ அதையே அது தூக்கி எறிந்துவிட்டது.

இதை நீங்களே படிப்படியாகப் பார்க்கலாம். =7^17 கொடுத்தால் 232630513987207 என்று சரியான விடை வரும்; எண்ணிப் பாருங்கள், சரியாக 15 இலக்கம். =7^18 கொடுத்தால் 1628413597910450 என்று வரும்; உண்மையான விடை 1628413597910449. எண் 16 இலக்கம் ஆனதுமே தவறு தொடங்கிவிடுகிறது. இன்னும் மேலே போய் =7^365 கொடுத்தால் எண்ணே வராது; #NUM! என்ற பிழைச் செய்தி வரும். எண் அவ்வளவு பெரிதாகிவிட்டது.

வீட்டுக் கணக்கை எக்ஸெல்லில் எழுதுபவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. 16 இலக்கம் உள்ள அட்டை எண்ணை அப்படியே ஒரு செல்லில் டைப் செய்தால் அதன் கடைசி இலக்கமும் 0 ஆகிவிடும். எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி (') போட்டு டைப் செய்தால் எக்ஸெல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், எதுவும் மாறாது.

கடைசி இலக்கத்துக்குக் கடைசி இலக்கமே போதும்

347 x 58 என்ற பெருக்கலை எடுத்துக்கொள்வோம். விடை 20126. இந்த விடையின் கடைசியில் உள்ள 6 எங்கிருந்து வந்தது? 7 x 8 = 56 என்பதிலிருந்து. 347-இல் உள்ள 300-ம் 40-ம், 58-இல் உள்ள 50-ம் எதனால் பெருக்கப்பட்டாலும் 0-வில் முடியும் எண்களையே தரும். அவை எல்லாம் பத்தாம் இடத்திலும் அதற்கு மேலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்றாம் இடத்தை அவற்றால் தொட முடியாது.

அதனால் 7-இன் அடுக்குகளைப் பெருக்கிக்கொண்டு போகும்போது முழு எண்ணையும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படியிலும் கடைசி இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

7-இன் கடைசி இலக்கம் 7. அதை 7-ஆல் பெருக்கினால் 49, 9-ஐ வைத்துக்கொள்வோம். 9-ஐ 7-ஆல் பெருக்கினால் 63, 3-ஐ வைத்துக்கொள்வோம். 3-ஐ 7-ஆல் பெருக்கினால் 21, 1-ஐ வைத்துக்கொள்வோம். 1-ஐ 7-ஆல் பெருக்கினால் 7. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம்.

இனி நடப்பது எல்லாம் ஏற்கெனவே நடந்ததுதான். 7-க்குப் பிறகு 9, 9-க்குப் பிறகு 3, 3-க்குப் பிறகு 1, மறுபடி 7. செக்கு மாடு போல இந்த நான்கு இலக்கங்களும் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்த இலக்கம் என்ன என்பதை இப்போது இருக்கும் இலக்கம் மட்டுமே முடிவு செய்கிறது. இருப்பதோ 0 முதல் 9 வரை பத்தே இலக்கங்கள். ஆகவே பத்து படிகளுக்குள் ஏதாவது ஓர் இலக்கம் திரும்ப வந்தே தீரும். அது வந்துவிட்டால் வட்டம் முடிந்தது.

இதை எக்ஸெல்லிலேயே சுற்ற விட்டுப் பார்க்கலாம். A1 செல்லில் 7 என்று டைப் செய்யுங்கள். A2 செல்லில் இதைக் கொடுங்கள்.

```
=MOD(A1*7,10)
```

MOD என்பது வகுத்தால் வரும் மீதியைத் தரும் கட்டளை. 10-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கடைசி இலக்கம். இனி A2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தை மவுஸால் பிடித்து A100 வரை இழுத்து விடுங்கள். 7, 9, 3, 1 என்று காலம் முழுவதும் நிரம்பும். வரிசை எண்தான் அடுக்கு. இருபதாவது வரியைப் பாருங்கள்: 1 இருக்கும். எக்ஸெல் தொலைத்த அதே 1. நூறாவது வரியிலும் 1 இருக்கும். 7^100 என்பது 85 இலக்கம் உள்ள எண். அதை முழுதாகக் கேட்டபோது காட்ட முடியாத எக்ஸெல், ஒவ்வொரு படியிலும் கடைசி இலக்கத்தை மட்டும் கேட்டபோது சரியாகச் சொல்லிவிட்டது. எந்தச் செல்லிலும் 63-ஐத் தாண்டிய எண் உருவாகவே இல்லை என்பதுதான் காரணம்.

பத்து இலக்கங்களுக்கும் பத்து வட்டம்

மேலே 7-க்குச் செய்ததை மற்ற இலக்கங்களுக்கும் செய்து பார்த்தால் இந்தப் பட்டியல் கிடைக்கும்.

0, 1, 5, 6 - எந்த அடுக்கிலும் அதே இலக்கம்
4 - 4, 6
9 - 9, 1
2 - 2, 4, 8, 6
3 - 3, 9, 7, 1
7 - 7, 9, 3, 1
8 - 8, 4, 2, 6

வட்டத்தின் நீளம் 1, 2, 4 என மூன்று வகைதான். மூன்றுமே 4-ஐ மீதியின்றி வகுக்கும். எனவே நான்கு படிகள் நடந்தால் எந்த இலக்கமும் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும். இன்னொரு விதமாகச் சொன்னால், எந்த எண்ணின் ஐந்தாவது அடுக்கும் அந்த எண்ணின் கடைசி இலக்கத்திலேயே முடியும். 2-இன் ஐந்தாவது அடுக்கு 32. 3-க்கு 243. 7-க்கு 16807. 8-க்கு 32768. 9-க்கு 59049. விண்டோஸில் உள்ள கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் போடும் முறை

முதலில் அடியில் உள்ள எண்ணின் கடைசி இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குரிய வட்டத்தைப் பட்டியலில் பாருங்கள். பிறகு அடுக்கை 4-ஆல் வகுத்து மீதியைக் காணுங்கள். மீதி 1 என்றால் வட்டத்தின் முதல் இலக்கம் விடை. மீதி 2 என்றால் இரண்டாவது. மீதி 3 என்றால் மூன்றாவது. மீதி 0 என்றால் நான்காவது. 4-க்கும் 9-க்கும் பட்டியலில் இரண்டு இலக்கங்களே இருப்பதால் அவற்றை இரண்டு முறை எழுதிக்கொண்டால் (4, 6, 4, 6 என்று) இதே முறை பொருந்தும்.

அடுக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் 4-ஆல் வகுத்தால் போதும். 100-ஐ 4 மீதியின்றி வகுக்கும் என்பதால் நூறாம் இடமும் அதற்கு மேல் உள்ளவையும் மீதியில் சேராது.

ஒரு கணக்கு பார்ப்போம். 238^1955 எந்த இலக்கத்தில் முடியும்? அடியின் கடைசி இலக்கம் 8. வட்டம் 8, 4, 2, 6. அடுக்கின் கடைசி இரண்டு இலக்கங்கள் 55. அதை 4-ஆல் வகுத்தால் மீதி 3. வட்டத்தில் மூன்றாவது இலக்கம் 2. அதுதான் விடை.

இன்னொன்று, 1947^2024. கடைசி இலக்கம் 7. வட்டம் 7, 9, 3, 1. அடுக்கின் கடைசி இரண்டு இலக்கங்கள் 24. மீதி 0. எனவே நான்காவது இலக்கமான 1.

பலர் சறுக்குவது இந்த மீதி 0 வரும் இடத்தில்தான். மீதி 0 என்றதும் வட்டத்தின் முதல் இலக்கத்தை எழுதிவிடுவார்கள். அல்லது, எந்த எண்ணின் 0 அடுக்கும் 1 தானே என்று 1 எழுதிவிடுவார்கள். 7-க்கு நான்காவது இலக்கமும் 1 என்பதால் அங்கே இந்தத் தவறு வெளியே தெரியாது. 8-க்குச் செய்தால் தெரிந்துவிடும். 8^4 = 4096. அடுக்கு 4, மீதி 0, விடை 6. முதல் இலக்கமான 8-ம் இல்லை, 1-ம் இல்லை. மீதி 0 என்றால் வட்டத்தை முழுதாகச் சுற்றி முடித்துவிட்டோம் என்று பொருள். ஆகவே வட்டத்தின் கடைசி இலக்கம்தான் விடை. இரட்டைப்படை எண்ணின் அடுக்குக்கு உங்களுக்கு ஒற்றைப்படை விடை வந்தால், எங்கோ தவறிவிட்டீர்கள் என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

அடுக்கின் மேல் அடுக்கு

கணக்குப் புத்தகங்களில் 7-இன் மேல் 7, அதன் மேல் இன்னொரு 7 என்று மாடி மேல் மாடியாக எழுதிக் கடைசி இலக்கத்தைக் கேட்பார்கள். இதை மேலிருந்து கீழே படிக்க வேண்டும். மேலே உள்ள 7^7-ஐ முதலில் கணக்கிட்டு, வரும் எண்ணைக் கீழே உள்ள 7-க்கு அடுக்காக வைக்க வேண்டும். 7^7 என்பது 823543. அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் 43. 4-ஆல் வகுத்தால் மீதி 3. வட்டத்தில் மூன்றாவது 3. எனவே விடை 3.

இதையே எக்ஸெல்லில் =7^7^7 என்று டைப் செய்தால் அது இடமிருந்து வலமாகப் படிக்கும். முதலில் 7^7, பிறகு வந்த விடையின் ஏழாவது அடுக்கு என்று போகும். அது 7^49. 49-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. கடைசி இலக்கம் 7. நீங்கள் கேட்டது ஒன்று, எக்ஸெல் எடுத்துக்கொண்டது வேறொன்று. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் கவனிக்காமல் விட்டுவிட வாய்ப்பு அதிகம். அடைப்புக்குறி போட்டு =7^(7^7) என்று எழுதினால் சரியான கேள்வியைக் கேட்டதாகும். ஆனால் அந்த எண் 6,95,975 இலக்கங்கள் கொண்டது. எக்ஸெல் #NUM! என்று கைவிரித்துவிடும். நாம் மேலே மனக்கணக்காகவே 3 என்று கண்டுபிடித்துவிட்டோம்.

நான்கு கோடி இலக்க எண்ணும் இப்படித்தான்

1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்ணைப் பகா எண் என்கிறோம். மிகப் பெரிய பகா எண்களைத் தேட, ஆர்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை இணைத்துச் செயல்படும் கிம்ப்ஸ் என்ற திட்டம் 1996 முதல் நடந்து வருகிறது. அதன் வழியாக லூக் டுராண்ட் என்பவர் கண்டுபிடித்த ஓர் எண் 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அதுவரை அறியப்பட்ட பகா எண்கள் எல்லாவற்றையும் விடப் பெரியது அது. அதைச் சுருக்கி எழுதினால் இப்படி இருக்கும்.

```
2^136279841 - 1
```

விரித்து எழுதினால் 4,10,24,320 இலக்கங்கள். பக்கத்துக்கு 3,000 இலக்கம் என்று அச்சடித்தாலும் 13,600 பக்கங்களுக்கு மேல் ஆகும். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கடைசியாக இருக்கும் இலக்கம் என்ன?

அடி 2. வட்டம் 2, 4, 8, 6. அடுக்கின் கடைசி இரண்டு இலக்கங்கள் 41. மீதி 1. எனவே 2^136279841 என்பது 2-இல் முடியும். 1-ஐக் கழித்தால் 1. அந்த மாபெரும் எண் 1-இல் முடிகிறது.

ஒரே வரியில் விடை

இவ்வளவையும் எக்ஸெல்லுக்கு ஒரே சூத்திரமாகக் கற்றுக் கொடுத்துவிடலாம். A1 செல்லில் அடி எண்ணையும் B1 செல்லில் அடுக்கையும் டைப் செய்யுங்கள். முன்பு 7 போட்ட ஷீட்டை விட்டுவிட்டுப் புதிய ஷீட்டில் செய்யுங்கள். C1 செல்லில் இதைக் கொடுங்கள்.

```
=MOD(RIGHT(A1,1)^(MOD(RIGHT(B1,2)-1,4)+1),10)
```

RIGHT(A1,1) என்பது அடி எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் எடுக்கிறது. RIGHT(B1,2) அடுக்கின் கடைசி இரண்டு இலக்கங்களை எடுக்கிறது. நடுவில் 1-ஐக் கழித்து, 4-ஆல் வகுத்த மீதியோடு மறுபடி 1-ஐக் கூட்டுவது எதற்கு என்று கேட்பீர்கள். மீதி 0 வரும் இடத்தில் 4 வர வேண்டும் என்பதற்காகத்தான். இப்படிச் செய்தால் அடுக்கு எப்போதும் 1, 2, 3, 4 ஆகியவற்றில் ஒன்றாகவே இருக்கும். இந்தச் சூத்திரத்துக்குள் உருவாகக்கூடிய மிகப் பெரிய அடுக்கு 9^4, அதாவது 6561. 15 இலக்க எல்லையின் பக்கத்தில்கூட அது போகாது.

மேலே போட்ட கணக்குகளைக் கொடுத்துப் பாருங்கள். 238-க்கும் 1955-க்கும் 2 வரும். 1947-க்கும் 2024-க்கும் 1 வரும். எண்கள் 15 இலக்கத்துக்கு மேல் போனால் A1, B1 செல்களில் முன்னால் ஒற்றை மேற்கோள் குறியைப் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் டைப் செய்யும்போதே கடைசி இலக்கங்கள் 0 ஆகிவிடும். சூத்திரம் சரியாக இருந்தும் விடை தவறாக வரும்.

இந்த முறை எதுவரை செல்லும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடியும் அடுக்கும் 1 அல்லது அதற்கு மேற்பட்ட முழு எண்களாக இருக்க வேண்டும். கூட்டல், கழித்தல், பெருக்கலுக்குக் கடைசி இலக்கங்களை மட்டும் வைத்துக் கணக்கிடலாம். வகுத்தலுக்கு முடியாது. 12-ம் 22-ம் 2-இல்தான் முடிகின்றன. இரண்டையும் 2-ஆல் வகுத்தால் ஒன்று 6, மற்றொன்று 11. கடைசி இலக்கம் ஒன்றாக இருந்தும் விடை வேறாகிவிட்டது.

கடைசி இரண்டு இலக்கங்கள் வேண்டும் என்றாலும் வட்டம் உண்டு. ஆனால் இந்தப் பட்டியல் உதவாது. 2-இன் அடுக்குகளுக்கு அந்த வட்டம் 20 படிகள் நீளம். அதோடு, தொடக்கத்தில் உள்ள 02 அந்த வட்டத்துக்குள் திரும்ப வருவதே இல்லை. A1-இல் 2 வைத்து, A2-இல் =MOD(A1*2,100) கொடுத்து, 25 வரிகள் இழுத்துப் பாருங்கள். 22-ஆவது வரியில் 4 திரும்ப வருவதைக் காண்பீர்கள்.